கன்றின் ரெனெற் போட்ட சீஸா? நானாவிடம் உறையைக் கேளுங்கள்

"அக்கா, நான் திருகோணமலை. இப்ப லெஸ்டரில படிக்கிறன். சைவம், முட்டையும் தொடமாட்டன். என்னோட பிளாட்டில இருக்கிற நானா கிண்ணியா. ரெண்டு பேரும் காசு போட்டுத்தான் சீஸ் வாங்குறம். செம்மஞ்சள் கட்டி ஒண்டு, துருவின சீஸ் ஒரு டப்பா. கட்டியில 'பால்' எண்டு மட்டும்தான் கிடக்கு, டப்பாவில லேபலே இல்ல. விலங்கு ரெனெற் போட்டதா எண்டு நானாட்ட மெசேஜில எப்பிடிக் கேக்கிறது? அவர் மனம் நோகவும் கூடாது."

தம்பி, "இது சைவமா நானா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர் மனதாரச் சொல்லும் பதிலே பிழையாகிப்போகும். ஊரில் கடையில் இடியப்பம் வாங்கும்போது சம்பலைப் பார்த்து "இதில மாசி போட்டதோ?" என்று கேட்டிருப்பீர்கள். "சைவமோ?" என்று கேட்டால் பரிமாறுகிறவர் "தேங்காய்ச் சம்பல்தானே, சைவம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பொய் சொல்லவேண்டும் என்று சொல்வதில்லை. மாசி அவர் கண்ணுக்கு மீனாகவே படுவதில்லை. சீஸ் செய்யப் பாலை உறைய வைக்கும் ரெனெற்றும் அப்படித்தான். சாப்பிடுகிறவருக்கு அது வெறும் பால்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். நான் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன முதல் வருடம் என்னோடு அறையில் இருந்தவர் மலேசியத் தமிழ் அக்கா. ஒருநாள் கடையில் எருமைப்பால் மொசரெல்லா என்று எழுதியிருந்ததைக் கண்டேன். எருமை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தம்பலகாமத்துச் சட்டித் தயிர் ஞாபகம் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு வந்து, "அக்கா, இது சைவம்தானே?" என்று கேட்டேன். "வெறும் பால்தானேம்மா" என்றார். அந்த வருடம் முழுக்க, வெள்ளிக்கிழமை விரதத்துக்குக்கூட அதைச் சாப்பிட்டேன். பிறகு படிப்பு முடிந்து சீஸ் செய்யும் இடம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான், கம்பானியா எருமை மொசரெல்லா என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் கன்றின் ரெனெற்றால்தான் உறைய வைக்க வேண்டும் என்பது அதன் விதியிலேயே எழுதியிருக்கிறது என்று படித்தேன். அந்த அக்காவில் ஒரு பிழையும் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்க முடியாததை நான் கேட்டேன், அவ்வளவுதான்.

ஆகவே நானாவிடம் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள். சீஸின் முழுப் பெயர், உறையின் முன்பக்கம், பின்பக்கம். இந்த மூன்றும் கையில் இருந்தால் மிச்சத்தை நீங்களே வாசித்துக்கொள்ளலாம். எப்படி வாசிப்பது என்பதற்கு, ரெனெற் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நம்முடைய தயிர் உறைவது புளிப்பால். காய்ச்சி ஆறிய பாலில் பழைய தயிர் ஒரு கரண்டி விட்டு மூடிவைத்தால், அதிலுள்ள பக்டீரியாக்கள் பாலின் சீனியைத் தின்று அமிலமாக்குகின்றன. அமிலம் ஏற ஏறப் பாலிலுள்ள கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டுகிறது. விடியும்போது சட்டி உறைந்திருக்கும். இதில் யாருடைய வயிறும் சம்பந்தப்படவில்லை.

சீஸ் அப்படி ஒரு இரவு காத்திருப்பதில்லை. 30, 32 பாகை வெதுவெதுப்பிலுள்ள பாலில் ரெனெற்றை ஊற்றிக் கலக்கிவிட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் கத்தியால் கீறக்கூடிய கட்டியாகிவிடும். நாங்கள் கத்தியைச் சாய்த்து உள்ளே விட்டு மெல்ல மேலே தூக்கிப் பார்ப்போம். வெடிப்பு நேராக விழுந்து, அடியில் ஊறும் நீர் கலங்கலில்லாமல் தெளிந்திருந்தால் வெட்டத் தொடங்கலாம். இந்த வேகத்துக்குக் காரணம் கைமோசின் என்ற நொதியம். பாலில் கேசின் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் மெல்லிய மயிர்போல ஒரு படை இருப்பதால் அவை ஒன்றையொன்று நெருங்காமல் விலகி நிற்கின்றன. கைமோசின் அந்த மயிரை ஒரே ஓர் இடத்தில், ஒழுங்காக, வெட்டிவிடுகிறது. மொட்டையான உருண்டைகள் பாலிலுள்ள கல்சியத்தின் துணையோடு சேர்ந்து வலையாகின்றன. கொழுப்பு அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ள, தண்ணீர் வெளியே போகிறது.

கைமோசின் யாருடையது என்றால், பால் மட்டும் குடிக்கும் கன்றுடையது. தாய்ப்பால் வயிற்றில் உடனே ஓடிப்போகாமல் கட்டியாகி மெதுவாகச் செரிக்க வேண்டும் என்பதற்காக, கன்றின் நான்காவது இரைப்பையில் அது சுரக்கிறது. புல் தின்னத் தொடங்கிய பிறகு குறைந்துவிடும். அதனால்தான் இளங்கன்றாகவே வேண்டியிருக்கிறது. இறைச்சிக்காக வெட்டப்பட்ட கன்றின் அந்த இரைப்பையை எடுத்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வடிக்கும் சாறுதான் விலங்கு ரெனெற். ஆட்டுக்குட்டியிலிருந்தும் எடுப்பார்கள். மாட்டை உயிரோடு வைத்துக்கொண்டு கறந்தெடுக்கும் வழி எதுவும் நடைமுறையில் இல்லை. சைவக்காரருக்குக் கேள்வியே இங்கேதான் பிறக்கிறது.

அளவு மிகவும் சின்னது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் யாராவது உங்களிடம் அதைச் சொல்லி வாதாடுவார்கள். சாதாரண வலுவுள்ள ரெனெற் என்றால் 100 லீற்றர் பாலுக்கு ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் போதும். ஒரு கிலோ கெட்டியான சீஸுக்குப் பத்து லீற்றர் பால் போகும். உங்கள் கட்டி 350 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மூன்றரை லீற்றர் பால், அந்தப் பாலுக்கு ஒரு மில்லிலீற்றர் ரெனெற், அதாவது இருபது சொட்டு. அதிலும் பெரும்பங்கு மோர்த்தண்ணீரோடு வடிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் பானை நிறையச் சாம்பாருக்கு ஒரு துண்டுக் கருவாடு என்றாலும் அம்மா அதைச் சைவம் என்று சொல்லமாட்டா. சைவத்தில் அளவைப் பார்ப்பதில்லை, அது எங்கிருந்து வந்தது என்றுதான் பார்க்கிறோம். நீங்கள் கேட்பதில் பிழை எதுவுமில்லை.

இனி, எல்லா சீஸும் கன்றின் வயிற்றிலிருந்துதான் என்றும் இல்லை. 1960களில் உலகம் தின்னும் சீஸின் அளவு கூடிக்கொண்டே போனது, வெட்டும் கன்றுகள் அதற்குப் போதவில்லை. அந்தத் தட்டுப்பாட்டில்தான் பூஞ்சணத்திலிருந்து பாலை உறைய வைக்கும் நொதியத்தைத் தேடிப்பிடித்தார்கள். லேபல்களில் "மைக்ரோபியல் ரெனெற்" என்று வருவது பெரும்பாலும் இதுதான். இது முழுச் சைவம். இதன் குறை ருசியில். கைமோசின் வெட்டும் ஓர் இடத்தோடு நிற்காமல் புரதத்தைக் கண்டபடி வெட்டும். பல மாதம் பழுக்கவைக்கும் சீஸில் அது கசப்பாகத் தெரியலாம். புதிதாகத் தின்னும் சீஸுக்கு ஒரு குறையும் தெரியாது.

அடுத்து வந்ததுதான் இன்று கடைகளில் அதிகம். கன்றின் கைமோசினைச் செய்யச் சொல்லும் மரபணுவை நுண்ணுயிருக்குள் வைத்து, தொட்டியில் புளிக்கவைத்து, அதே கைமோசினை எடுப்பது. 1990இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. மரபணு மாற்றிய உயிரிலிருந்து வந்து உணவில் சேர அங்கே அனுமதி பெற்ற முதல் நொதியம் இதுதான். தொட்டியில் வளர்ந்த நுண்ணுயிரை வடித்து நீக்கிவிடுவார்கள், சீஸுக்குள் போவது நொதியம் மட்டும். பிரித்தானியாவின் சைவ உணவுச் சங்கம் இதை ஏற்கிறது. சுப்பர் மார்க்கட்டில் "சைவ உணவுக்காரருக்கு ஏற்றது" என்று எழுதியிருக்கும் செடாரை எடுத்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் இது, இல்லாவிட்டால் பூஞ்சண நொதியம்.

இதை நீங்கள் ஏற்பதா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்த மரபணுவின் பிரதி தொடக்கத்தில் கன்றின் கலத்திலிருந்து வந்ததுதான். அதன் பிறகு ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கன்று என்று எதுவும் வேண்டியதில்லை. நான் சாப்பிடுகிறேன். என் பெரியம்மா நான் விளங்கப்படுத்தியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வேண்டாம் பிள்ளை" என்றா. அவவுக்கு அது சரி.

இப்போது உங்கள் கட்டியில் ஏன் "பால்" என்று மட்டும் இருக்கிறது என்பதற்கு வருகிறேன். கடைக்காரர் ஒளிக்கிறார் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு லேபல் சட்டமும், அதைத் தொடர்ந்து பிரித்தானியாவில் இருக்கும் சட்டமும், பால், உப்பு, நொதியம், பக்டீரியா இவற்றால் மட்டும் செய்த சீஸுக்குச் சேர்மானப் பட்டியலே போடத் தேவையில்லை என்கின்றன. ஒவ்வாமைக்காகப் பாலைச் சொன்னால் போதும். ஆகவே லேபலில் ரெனெற் என்ற சொல் இல்லாவிட்டால் ரெனெற் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. "சைவ உணவுக்காரருக்கு ஏற்றது" என்று போடுவதும் கட்டாயம் அல்ல, விரும்பினால் போடுவது. அந்த வரி இருந்தால் அது பதில். இல்லாவிட்டால் இன்னும் பதில் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

லேபலில் பதில் கிடைக்காதபோது பெயரைப் பாருங்கள். சில பெயர்களே பதில் சொல்லிவிடும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பதானோ, கோர்கொன்சோலா, சுவிற்சர்லாந்தின் குரூயேர் எல்லாம் பெயர் காக்கப்பட்ட சீஸ்கள். அந்தப் பெயரைப் போட வேண்டுமென்றால் ஊர், பால், செய்முறை எல்லாம் விதிப்படி இருக்கவேண்டும். அந்த விதியில் கன்றின் ரெனெற்றும் ஒன்று. பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரெனெற். பிரித்தானியக் கடையில் "பார்மசான்" என்று இருந்தால் அது பார்மிஜானோ ரெஜ்ஜானோவாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே கன்று. இதே ருசியில் சைவத்துக்குச் செய்வதை அவர்கள் அந்தப் பெயரில் விற்க முடியாது. அதனால்தான் "இத்தாலியப் பாணிக் கெட்டி சீஸ்" என்பது போன்ற பெயர்களில் சைவக் குறியோடு வைத்திருப்பார்கள். நீங்கள் தேட வேண்டியது அதைத்தான்.

உங்கள் செம்மஞ்சள் கட்டி, லெஸ்டரில் இருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன், ரெட் லெஸ்டர் என்ற சீஸாக இருக்க நிறைய வாய்ப்பு. அந்த நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது அனாட்டோ என்ற மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் சாயம். சுப்பர் மார்க்கட்டின் சொந்தப் பெயரில் வரும் செடாரும் ரெட் லெஸ்டரும் பெரும்பாலும் சைவ ரெனெற்தான். பண்ணையில் பழைய முறைப்படி துணி சுற்றிப் பழுக்கவைத்தது, சந்தையில் வெட்டித் தந்தது என்றால் அப்படி நம்ப வேண்டாம். அங்கே இன்னும் கன்றின் ரெனெற்றை விரும்பிப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கடைக்காரரிடமே கேட்க வேண்டும். அவர்களுக்கு அது வழக்கமான கேள்வி, உடனே சொல்லுவார்கள்.

துருவின டப்பாவில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். பீட்சாவுக்கென்று பையில் வரும் துருவின செடார் என்றால் ஆபத்துக் குறைவு. பாஸ்தாவுக்குத் தூவவென்று வாங்கிய மஞ்சள் வெள்ளைத் தூள் என்றால் அது பார்மசானாகவோ கிரானா பதானோவாகவோ இருக்கலாம். கிரானா பதானோவில் உங்களுக்கு இரண்டாவது சிக்கலும் உண்டு. பழுக்கும்போது உள்ளே வாயு பிடித்து வெடிக்காமல் இருக்க லைசோசைம் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எடுப்பது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் அதற்கு அனுமதி இல்லை, கிரானாவில் உண்டு. முட்டை ஒவ்வாமைப் பொருள் என்பதால் இதை லேபலில் மறைக்க முடியாது, "முட்டை" என்ற சொல் தடித்த எழுத்தில் இருக்கும்.

இந்த முட்டை விஷயத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே "சைவ உணவுக்காரர்" என்ற சொல்லுக்குள் முட்டை அடங்கும். சைவக் குறி இருக்கும் சீஸிலும் லைசோசைம் இருந்தால் அவர்கள் கணக்கில் அது பிழையில்லை. ஆகவே நீங்கள் சைவக் குறியையும் பார்க்க வேண்டும், தடித்த எழுத்தில் முட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹலால் குறியும் உங்கள் கேள்விக்குப் பதில் அல்ல. ஹலால் முறையில் அறுத்த கன்றின் ரெனெற்றுக்கும் அந்தக் குறி கிடைக்கலாம்.

நாக்கிலோ மணத்திலோ கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல வருடம் தினமும் சீஸை ருசித்துக் குறிப்பெழுதிய எனக்கே முடியாது. தொட்டியில் செய்த கைமோசினும் கன்றின் கைமோசினும் ஒரே மூலக்கூறு. வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை எதுவும் இல்லை. உறை மட்டும்தான் சாட்சி.

இனி மெசேஜ். நானாவுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். எந்த முறையில் அறுத்த விலங்கு என்பது அவருக்கும் கேள்வியாக இருக்கலாம். அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதை நீங்கள் ஊகித்து எழுத வேண்டாம். உங்கள் காரணத்தை மட்டும் எழுதுங்கள். அவர் வாங்கியது பிழை என்ற தொனி வராமல், முடிந்தால் அடுத்த கடைச் சுற்று உங்கள் பொறுப்பு என்றும் சேர்த்துவிடுங்கள். நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்:

"நானா, பிரிட்ஜில இருக்கிற ரெண்டு சீஸும் என்ன பெயரில வாங்கினது எண்டு ஞாபகம் இருக்கா? உறை இன்னும் குப்பையில போடாட்டி முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ. சில சீஸில பாலை உறைய வைக்கக் கண்டுக்குட்டியிட இரைப்பையில இருந்து எடுக்கிற ரெனெற் போடுவாங்களாம், சிலதில முட்டையும் இருக்குமாம். அது ரெண்டும் எனக்குச் சரிவராது. உறை இல்லாட்டி எந்தக் கடை எண்டு சொன்னாலும் காணும், நான் தேடிப் பாக்கிறன். நீங்க வாங்கினதில ஒரு பிழையும் இல்ல, எனக்கே இது இப்பத்தான் தெரியும். இந்தக் கிழமை கடைக்கு நான் போறன்."

இதில் "சைவமா" என்ற சொல்லே இல்லை என்பதைப் பாருங்கள். கண்டுக்குட்டியின் இரைப்பை என்று வெளிப்படையாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. வெறுமனே "ரெனெற்" என்று எழுதினால் அவர் லேபலில் அந்தச் சொல்லைத் தேடுவார், இல்லை என்று கண்டு "இல்ல தம்பி, போடல்ல" என்று நல்ல மனதோடு பதில் அனுப்பிவிடுவார். மேலே சொன்ன சட்டத்தால் அந்தப் பதிலுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. போட்டோ வந்தால் அந்தத் தொல்லை கிடையாது.

வரும் பதில்கள் எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். கட்டியின் உறையில் சுப்பர் மார்க்கட்டின் பெயர், ரெட் லெஸ்டர், பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் "சைவ உணவுக்காரருக்கு ஏற்றது", ஒவ்வாமையில் பால் மட்டும் என்று இருந்தால் அது உங்களுக்குச் சரி. தொட்டிக் கைமோசின் உங்கள் மனதுக்கு ஒத்துவராவிட்டால் மட்டும், மைக்ரோபியல் ரெனெற்றா என்று அந்தக் கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேளுங்கள். உறையிலுள்ள பொருளின் முழுப் பெயரையும் எடையையும் குறிப்பிட்டுக் கேட்டால்தான் அவர்களால் செய்தவரிடம் விசாரிக்க முடியும்.

டப்பாவுக்கு நானா அனுப்பும் போட்டோவில் "கிரானா பதானோ" என்று இருந்து, கீழே பால், உப்பு, ரெனெற், தடித்த எழுத்தில் முட்டை லைசோசைம் என்று வந்தால் இரண்டு காரணத்தாலும் அது உங்களுக்கு ஆகாது. மேற்கொண்டு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெயர் இத்தாலியப் பாணிக் கெட்டி சீஸ் என்றும் சைவக் குறியும் இருந்து, முட்டை இல்லை என்றால் சரி.

"உறையை எறிஞ்சிட்டன் தம்பி, கடை மட்டும்தான் ஞாபகம்" என்று வரவும் கூடும். அப்போது அந்தக் கடையின் இணையத்தளத்தில் அதே பெயரில் தேடிப் பாருங்கள். பொருளின் பக்கத்தில் சைவத்துக்கு ஏற்றதா என்பதையும் ஒவ்வாமையையும் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தை நானாவுக்கு அனுப்பி "இதா நானா?" என்று ஒரு தடவை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே கடையில் ஒரே ருசியில் மூன்று விதம் இருக்கும், அதில் ஒன்று மட்டும் கன்றாக இருக்கலாம்.

மிஞ்சியதைக் கலக்கும் பழக்கம் இருந்தால் அதை நிற்பாட்டுங்கள். துருவின டப்பாவில் மிச்சத்தின் மேல் புதிய பக்கெற்றைக் கொட்டிவைத்தால் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சீஸை டப்பாவுக்கு மாற்றும்போது உறையின் பின்பக்கத்தை வெட்டி டப்பா மூடியில் ஒட்டிவிடச் சொல்லுங்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் மாதிரிகளுக்கு அப்படித்தான் செய்வோம், இரண்டு பேர் இருக்கும் பிளாட்டுக்கும் அது பொருந்தும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் நானாவோடு சேர்ந்து வாங்குவதென்றால் வரும். ரிக்கொட்டாவை அமிலமும் சூடும் சேர்த்துத்தான் திரட்டுகிறார்கள். ஆனால் பழைய முறையில் அதற்கு எடுப்பது வேறு சீஸ் செய்து மிஞ்சிய மோர்த்தண்ணீர். அந்த சீஸுக்குக் கன்றின் ரெனெற் போட்டிருந்தால் அதன் மிச்சம் அதில் இருக்கும். பன்னீர் அப்படியில்லை, பாலை எலுமிச்சை அல்லது வினாகிரியால் திரிப்பது. வீட்டிலேயே செய்யலாம். ஒரு லீற்றர் முழுக்கொழுப்புப் பால் கொதித்ததும் அடுப்பைத் தணித்து, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பச்சையாகத் தெளிந்த தண்ணீர் பிரிந்ததும் நிறுத்தித் துணியில் வடித்துப் பாரம் வையுங்கள். பால் கலங்கலாகவே நின்றால் இன்னும் கொஞ்சம் புளி வேண்டும். ஆனால் பன்னீர் உருகாது, பாஸ்தாவுக்கு மேல் தூவ உதவாது. அதற்குச் சைவக் குறியுள்ள கெட்டி சீஸ்தான்.

போட்டோக்கள் வந்த பிறகு இரண்டாவது மெசேஜும் ஒன்று போடுங்கள். முடிவு என்ன என்று நானாவுக்குத் தெரியாமல் விட்டால் அவர் அடுத்த தடவை சீஸ் அலுமாரிக்கு முன்னால் நின்று தடுமாறுவார். டப்பா உங்களுக்கு ஆகாதது என்று தெரியவந்தால் இப்படி எழுதலாம்:

"நானா, பெரிய உதவி. செம்மஞ்சள் கட்டி எனக்குச் சரி, அதை எப்பவும்போல சேர்ந்து எடுப்பம். டப்பாவில இருக்கிறது கன்றிட ரெனெற், முட்டையும் இருக்கு, அதால நான் எடுக்கயில்ல. உங்களுக்கு அது சரியோ எண்டு நீங்களும் ஒருக்காப் பாருங்கோ, உறைப் போட்டோவைத் திரும்பக் கீழ போட்டிருக்கிறன். அடுத்த முறைக்கு ரெண்டு பேருக்கும் பொதுவா எடுக்கக்கூடிய ஒண்டைக் கடையில பாத்து வச்சிருக்கிறன், மைக்ரோபியல் எண்டு எழுதியிருக்கு, முட்டை இல்ல. சனிக்கிழமை வாங்கிக்கொண்டு வாறன்."